38 ரூபாய், எந்த நோட்டுக்கு?

சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று புதிய காலண்டர் ஆல்பம் வெளியாகும். அதற்குப் பிறகு ஆண்டு முடியும் வரை பெரும்பாலான அச்சகங்களில் காலண்டரும் டைரியும்தான் ஓடும். அந்தப் பரபரப்பு ஓய்ந்ததும் அடுத்தது பள்ளி நோட்டு. ஜூனில் பள்ளி திறக்கும் முன் நோட்டு மாணவன் கைக்குப் போயாக வேண்டும் என்பதால், பிப்ரவரி, மார்ச்சிலேயே பள்ளி நிர்வாகங்களிடமிருந்து போன் வரத் தொடங்கிவிடும். கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "192 பக்கம் நோட்டு, எங்க ஸ்கூல் பேர் போட்டு, நாலாயிரம் வேணும். என்ன சார் ரேட்டு?"

"முப்பத்தெட்டு ரூபா பண்ணலாம் சார்" என்று பதில் வந்ததும், விலை தெரிந்துவிட்டதாகவே இருவரும் நினைக்கிறார்கள். ஆனால் எந்தத் தாள், என்ன அளவு, 192 பக்கத்தில் அட்டையும் சேர்த்தியா, வண்டி வாடகை யாருடையது, வரி உண்டா என்று எதுவுமே அந்த 38 ரூபாயில் இல்லை. இத்தனையையும் விலையோடு சேர்த்துக் கட்டிப்போடும் காகிதத்துக்குத்தான் கொட்டேஷன், விலைப்புள்ளிக் கடிதம் என்று பெயர். மே மாதம் நோட்டு வந்து இறங்கும்போது எழுகிற சண்டைகளில் பலவும், மார்ச்சில் இந்தக் கடிதத்தில் எழுதாமல் விட்ட ஒரு வரியிலிருந்து கிளம்பியவை.

ஒரு மாதிரிக் கடிதத்தை எடுத்துக்கொள்வோம். சிவகாசி அச்சகம் ஒன்று திருச்சியில் உள்ள ஒரு மெட்ரிக் பள்ளிக்கு எழுதுகிறது. விலைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை; தாள் விலை மாறினால் இவையும் மாறும். கடிதத் தாளின் தலைப்பில் அச்சகத்தின் பெயர், முகவரி, ஜி.எஸ்.டி. எண் இருக்கும். அதன் கீழே கடித எண்ணும் தேதியும். பிறகு விஷயம் இப்படிப் போகிறது:

"மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கு, வணக்கம். தங்களது 24.2.2026 தேதிக் கடிதம் கிடைத்தது, நன்றி. 2026-27 கல்வியாண்டுக்குத் தாங்கள் கேட்ட நோட்டுகளுக்கும் மாணவர் டைரிக்கும் எங்கள் விலையைக் கீழே தந்துள்ளோம். இந்த விலை 17.3.2026 வரை செல்லும்.

1. கோடு போட்ட நோட்டு, 24 x 18 செ.மீ., அட்டை நீங்கலாக 192 பக்கம், 58 ஜி.எஸ்.எம். தாள், 250 ஜி.எஸ்.எம். அட்டை, நான்கு வண்ண அச்சு: 4,000 x ரூ.38 = ரூ.1,52,000
2. நான்கு கோடு நோட்டு, அதே அளவு, தாள், அட்டை, 96 பக்கம்: 1,500 x ரூ.22 = ரூ.33,000
3. கட்டம் போட்ட கணக்கு நோட்டு, மேற்படி, 96 பக்கம்: 1,000 x ரூ.23 = ரூ.23,000
நோட்டு மொத்தம்: ரூ.2,08,000
நோட்டுக்கு மட்டும் 5 சதவீதத் தள்ளுபடி: ரூ.10,400
தள்ளுபடி போக: ரூ.1,97,600
பள்ளி வாசல் வரை வண்டி வாடகை: ரூ.7,500
நோட்டுக் கணக்கு: ரூ.2,05,100 (ஜி.எஸ்.டி. இல்லை)
4. மாணவர் டைரி: 800 x ரூ.65 = ரூ.52,000
ஜி.எஸ்.டி. 18 சதவீதம்: ரூ.9,360
டைரிக் கணக்கு: ரூ.61,360
ஆக மொத்தம்: ரூ.2,66,460"

இதில் எல்லாரும் முதலில் பார்ப்பது கடைசி வரியை. நோட்டுத் தொழிலில் ஊறியவர்கள் முதலில் பார்ப்பது முதல் வரியை. அளவு, பக்கம், ஜி.எஸ்.எம். என்ற மூன்றும் சேர்ந்தால் ஒரு நோட்டில் எவ்வளவு தாள் இருக்கிறது என்பதை வீட்டிலிருந்தே கணக்குப் போட்டுவிடலாம். விலையில் பெரிய பங்கு அந்தத் தாளுக்குத்தான்.

ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். 192 பக்கம் என்றால் 96 தாள். ஒரு தாள் 24 செ.மீ. நீளம், 18 செ.மீ. அகலம். மீட்டரில் 0.24-ஐ 0.18-ஆல் பெருக்கினால் 0.0432 சதுர மீட்டர். அதை 96-ஆல் பெருக்கினால் ஒரு நோட்டில் ஏறக்குறைய 4.15 சதுர மீட்டர் தாள் இருக்கிறது. சதுர மீட்டருக்கு 58 கிராம் வீதம் உள்தாளின் எடை சுமார் 240 கிராம். அட்டை இன்னொரு 22 கிராம். ஆகவே கடிதத்தில் சொன்னபடி செய்த நோட்டு தராசில் சுமார் 262 கிராம் காட்ட வேண்டும். தாள் கிலோ 75 ரூபாய் என்று வைத்தால், 38 ரூபாய் நோட்டில் 18 ரூபாய் உள்தாளுக்கே போய்விடுகிறது. அட்டை, அச்சு, கோடு போடுதல், பின் அடித்தல், வெட்டுதல், கூலி, லாபம் எல்லாம் மீதி 20 ரூபாய்க்குள் அடங்க வேண்டும்.

இப்போது அதே பள்ளிக்கு இன்னோர் இடத்திலிருந்து ஒரு கொட்டேஷன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "192 பக்க நோட்டு, தரமான தாள், ரூ.35 நெட்." முதல் அச்சகத்தின் விலை தள்ளுபடி போக 36 ரூபாய் 10 காசு. இரண்டாவது 1 ரூபாய் 10 காசு குறைவு. நாலாயிரம் நோட்டுக்கு 4,400 ரூபாய் மிச்சம் என்று நிர்வாகம் அதைத் தேர்ந்தெடுத்துவிடும். அப்படித்தான் வழக்கமாக நடக்கிறது.

"தரமான தாள்" என்ற சொல்லுக்குள் 54 ஜி.எஸ்.எம். தாளும் அடங்கும். 192 பக்கத்தில் அட்டையின் நான்கு பக்கங்களையும் சேர்த்து எண்ணும் வழக்கம் சந்தையில் இருக்கிறது. அப்படி எண்ணினால் உள்ளே இருப்பது 188 பக்கம், அதாவது 94 தாள். அளவு எழுதாதபோது நோட்டை 23.5-க்கு 17.5 செ.மீ. என்று சற்றுச் சிறிதாக வெட்டினாலும் கேட்பதற்கு ஆதாரம் இல்லை. இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்தால் உள்தாளின் எடை சுமார் 209 கிராம்தான் வரும். நோட்டுக்கு ஏறக்குறைய 32 கிராம் குறைகிறது. நாலாயிரம் நோட்டில் அது 127 கிலோ தாள்; அதே 75 ரூபாய்க் கணக்கில் சுமார் 9,500 ரூபாய். 4,400 ரூபாய் மிச்சம் பிடித்த பள்ளி அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் தாளில் இழந்திருக்கிறது. இரண்டாவது அச்சகம் எழுதியதில் பொய் என்று காட்டக்கூடிய சொல் ஒன்றுகூட இல்லை. எழுதாமல் விட்டதுதான் வேலை செய்திருக்கிறது.

இந்த வித்தியாசம் முதலில் தெரியவருவது பிள்ளைகளுக்குத்தான். மெல்லிய தாளில் ஒரு பக்கம் எழுதினால் மறுபக்கம் தெரியும். ஜெல் பேனா மை ஊறிப் பரவும். ரப்பர் வைத்து இரண்டு முறை அழித்தால் தாள் நைந்துவிடும். அதற்குள் பள்ளி திறந்து, நோட்டும் பாதி எழுதியாகிவிட்டிருக்கும். ஆகவே பரிசோதனை முன்னாலேயே நடக்க வேண்டும். கொட்டேஷனோடு ஒரு மாதிரி நோட்டைக் கேட்டு வாங்கி, அதில் இரு தரப்பும் கையெழுத்திட்டு, பள்ளி பீரோவில் ஒன்று, அச்சகத்தில் ஒன்று என்று வைத்துவிடுவது நல்ல பழக்கம். சரக்கு வந்ததும் வெவ்வேறு கட்டுகளிலிருந்து பத்து நோட்டை உருவி, ஒன்றாகத் தராசில் வைத்துப் பத்தால் வகுத்துப் பார்க்கலாம். தாள் காற்றின் ஈரத்தை இழுக்கும் பொருள்; ஆலையிலிருந்து வரும் தாளிலேயே சிறிது ஏற்ற இறக்கம் உண்டு. ஐந்தாறு கிராம் வித்தியாசத்துக்கு அச்சகத்தைக் குற்றம் சொல்ல முடியாது. முப்பது கிராம் குறைந்தால் ஈரத்தின் மேல் பழி போட முடியாது.

அடுத்தது தள்ளுபடி. "நாலாயிரம் எடுக்கிறோம், பார்த்துப் போடுங்க" என்று பள்ளி கேட்பது நியாயம்தான். எண்ணிக்கை கூடும்போது அச்சகத்துக்கு உண்மையாகவே செலவு குறையும் இடம் ஒன்று இருக்கிறது. அட்டைக்கு நான்கு வண்ணத்துக்கு நான்கு பிளேட் எடுக்க வேண்டும். மெஷினில் பிளேட்டை மாட்டி, வண்ணம் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரும் வரை ஓட்டிப் பார்க்கும் அட்டைகள் வேஸ்ட். டிசைன் செய்தவருக்குக் கூலி. இதெல்லாம் சேர்ந்து 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐந்நூறு நோட்டு அடித்தாலும் அதே 6,000; நாலாயிரம் அடித்தாலும் அதே 6,000. ஐந்நூறில் நோட்டுக்கு 12 ரூபாய் விழும். நாலாயிரத்தில் 1 ரூபாய் 50 காசு. மாதிரிக் கடிதத்தில் உள்ள 5 சதவீதம், அதாவது நோட்டுக்கு 1 ரூபாய் 90 காசு, இப்படிப்பட்ட சேமிப்பிலிருந்து கொடுக்கக்கூடிய தொகை. மூன்று வகை நோட்டுக்கும் ஒரே அட்டை டிசைன் என்று பள்ளி ஒப்புக்கொண்டால் கொடுப்பது இன்னும் எளிது. ஒவ்வொன்றுக்கும் தனி அட்டை கேட்டால் பிளேட்டும் மும்மடங்கு. எனவே "இந்த விலை ஒரே அட்டை டிசைனுக்கு" என்ற ஒரு வரி கடிதத்தில் அவசியம் இருக்க வேண்டும்.

ஆனால் இந்தச் சேமிப்புக்கு ஓர் எல்லை உண்டு. நாலாயிரத்தை எட்டாயிரமாக்கினால் நோட்டுக்குக் குறைவது இன்னொரு 75 காசுதான். அதற்கு மேலும் பத்து சதவீதம் கேட்டு அழுத்தினால், 3 ரூபாய் 80 காசை அச்சகம் வேறெங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். கூலியில் கை வைக்க முடியாது. தாள் வியாபாரி விட்டுக்கொடுக்கமாட்டார். அப்போதுதான் 58 ஜி.எஸ்.எம். சத்தமில்லாமல் 54 ஆகிறது. அதனால் பேரம் முடிந்து திருத்திய கொட்டேஷன் வரும்போது, விலை மட்டும் மாறியிருக்கிறதா, விவர வரியும் மாறியிருக்கிறதா என்று பழைய கடிதத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

தள்ளுபடி எதன் மேல் என்பதையும் எழுத வேண்டும். நோட்டின் மேல் மட்டுமா, டைரிக்கும் சேர்த்தா, வாடகைக்கும் உண்டா? "மொத்தத்தில் 5 சதவீதம்" என்று எழுதிவிட்டால் பள்ளி 2,66,460-க்கும் கணக்குப் போடும். அச்சகம் 2,08,000-க்குப் போட்டிருக்கும். ஏழு நாளில் பணம் தந்தால் மேலும் 2 சதவீதம் என்று ரொக்கத் தள்ளுபடி கொடுக்கும் இடங்களும் உண்டு. அது முதல் தள்ளுபடி போன பிறகு மிச்சத்தின் மேல்தான் என்றால் 3,952 ரூபாய். முழு விலையின் மேல் என்றால் 4,160 ரூபாய். சிறிய தொகைதான். ஆனால் பில்லும் செக்கும் ஒத்துப்போகாமல் கணக்காளரை மாதக்கணக்கில் அலைய வைப்பவை இந்த மாதிரி தொகைகளே.

வரி வரியில் அண்மையில் ஒரு பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22-க்கு முன்பு பள்ளி நோட்டுக்கு 12 சதவீத ஜி.எஸ்.டி. இருந்தது. அன்று முதல் பயிற்சி நோட்டு, கிராஃப் நோட்டு, லேப் நோட்டு, சாதாரண நோட்டு எல்லாவற்றுக்கும் வரி இல்லை. அவற்றுக்கான பூச்சில்லாத தாளுக்கும் வரி இல்லை. பழைய கொட்டேஷன் ஃபைலைத் திறந்து தேதியை மட்டும் மாற்றி அனுப்பும் பழக்கம் உள்ள அச்சகங்கள் இதில் மாட்டிக்கொள்ளும். இல்லாத வரியை வாடிக்கையாளரிடம் வசூலித்தால், அதை அரசுக்குச் செலுத்தியாக வேண்டும்.

அப்படியானால் நோட்டு விலை முழுசாக 12 சதவீதம் இறங்கவில்லையே ஏன் என்று பள்ளிகள் கேட்கின்றன. நியாயமான கேள்வி. உள்தாளுக்கு வரி போய்விட்டது. ஆனால் பூச்சு அட்டை, மை போன்றவற்றுக்கு 18 சதவீதம் இருக்கிறது. நோட்டுக்கு வரி இருந்த காலத்தில் அச்சகம் தான் கட்டிய இந்த வரியை, வசூலித்த வரியில் கழித்துக்கொண்டது. இப்போது விற்கும் பொருளுக்கு வரி இல்லாததால் கழிக்க வழியில்லை. அது அடக்க விலையில் போய்ச் சேர்கிறது. பழைய விலையையும் புதிய விலையையும் ஒப்பிடும் பள்ளிக்கு இதைக் கடிதத்திலேயே இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டால் சந்தேகம் எழாது.

டைரி வேறு கதை. நோட்டும் டைரியும் வரிப் பட்டியலில் 4820 என்ற ஒரே தலைப்பின் கீழ் வருபவைதான். ஆனாலும் டைரி, ரெஜிஸ்டர், கணக்குப் புத்தகம் ஆகியவற்றுக்கு 18 சதவீதம் நீடிக்கிறது. அதனால்தான் மாதிரிக் கடிதத்தில் டைரியை நோட்டோடு கலக்காமல் தனியே கூட்டிக் காட்டியிருக்கிறது. இரண்டையும் ஒரே மொத்தமாக்கி வரி போட்டால் பள்ளிக்கு நஷ்டம். போடாமல் விட்டால் அச்சகத்துக்கு நஷ்டம்.

டெலிவரி பற்றிய வரியில் பலரும் எழுதுவது "30 நாட்களில்" என்று மட்டும். எந்த நாளிலிருந்து? கொட்டேஷன் தேதியிலிருந்து என்று பள்ளி எண்ணும். எல்லாம் கைக்கு வந்த நாளிலிருந்து என்று அச்சகம் எண்ணும். நடுவில் அட்டை புரூஃப் தாளாளர் மேசையில் இரண்டு வாரம் கிடக்கும். திருத்தமாக எழுதினால் இப்படி வரும்: "அட்டை புரூஃபில் தாங்கள் கையெழுத்திட்டு, முன்பணம் ரூ.1,00,000 வந்து சேர்ந்த நாளிலிருந்து 35 நாட்களில் நோட்டு தரப்படும். டைரிக்கான விடுமுறைப் பட்டியலும் விதிமுறைகளும் வந்த நாளிலிருந்து 25 நாட்களில் டைரி பார்சலில் வரும். அதன் பார்சல் செலவு விலைக்குள் அடக்கம்." டைரியைப் பிரித்து வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. அதன் உள்பக்க விவரங்களைப் பள்ளிகள் பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான் தருகின்றன. அதற்காக நோட்டும் குடோனில் காத்துக் கிடக்கக் கூடாது.

6,500 நோட்டும் சேர்ந்து சுமார் 1,400 கிலோ. அதற்குத் தனி வண்டிதான் பிடிக்க வேண்டும். வாடகையை அச்சகம் கொடுத்துவிட்டு பில்லில் சேர்க்கிறதா, அல்லது லாரி ஆபீஸ்காரர்கள் சொல்கிற "டூ பே" முறையில் சரக்கை எடுக்கும்போது பள்ளி கட்ட வேண்டுமா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அதைவிட அதிகம் மறந்துபோவது இறக்குகூலி. வண்டி பள்ளி வாசலில் நிற்கும். கோடை விடுமுறையில் வாட்ச்மேனைத் தவிர ஆள் இருக்கமாட்டார்கள். டிரைவர் கட்டை இறக்கமாட்டார். "இறக்குகூலி பள்ளியைச் சேர்ந்தது" என்று எழுதியிருந்தால் முதல் நாளே ஆள் சொல்லி வைத்திருப்பார்கள். வகுப்புவாரியாகக் கட்டி லேபிள் ஒட்டித் தர வேண்டுமென்றால் அதற்கும் தனிக் கூலி உண்டு. பள்ளி அதை முன்கூட்டியே கேட்டு, விலையில் சேர்த்துவிட வேண்டும்.

எண்ணிக்கையிலும் ஒரு வரி வேண்டும். அச்சிலும் பைண்டிங்கிலும் எவ்வளவு சேதமாகும் என்பதை முன்கூட்டித் துல்லியமாகச் சொல்ல முடியாது. அதனால் "2 சதவீதம் வரை கூடலாம், குறையலாம், வந்த எண்ணிக்கைக்கே பில்" என்று எழுதுவது இந்தத் தொழிலில் வழக்கம். நாலாயிரத்தில் அது 80 நோட்டு. சரியாக நாலாயிரம் மாணவர்களுக்கு ஆளுக்கொன்று கொடுக்கப்போகும் பள்ளி, இந்த வரியைப் பார்த்ததும் நூறு நோட்டு கூடுதலாகச் சொல்லிவிட வேண்டும், அல்லது "குறையக் கூடாது" என்று திருத்தச் சொல்ல வேண்டும்.

கடிதம் கிடைத்த பிறகு பள்ளி என்ன எழுதுகிறது என்பதும் முக்கியம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன்படி, ஒரு முன்மொழிவை எந்த மாற்றமும் நிபந்தனையும் இல்லாமல் ஏற்றால்தான் அது ஏற்பு. "உங்கள் கொட்டேஷனை ஏற்கிறோம், ஆனால் பணம் மூன்று மாதத்தில்" என்று பர்ச்சேஸ் ஆர்டர் போட்டால் ஒப்பந்தம் உண்டாகவில்லை. பள்ளி ஒரு புதிய முன்மொழிவை அனுப்பியிருக்கிறது, அவ்வளவே. மூன்று மாதக் கடனுக்கு இன்னொரு தடையும் உண்டு: உத்யம் பதிவு பெற்ற சிறு உற்பத்தியாளரிடம் வாங்கினால், எழுத்தில் ஒப்புக்கொண்டாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்க 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் இடம் தருவதில்லை.

செல்லுபடித் தேதியும் இதோடு சேர்ந்ததே. 17.3.2026 வரை என்று எழுதியிருந்தால், அந்த நாள் கடந்ததும் முன்மொழிவு தானாகக் காலாவதியாகிவிடுகிறது. 20-ஆம் தேதி ஆர்டர் வந்தால் பழைய விலையில் தர வேண்டிய கட்டாயம் அச்சகத்துக்கு இல்லை. ஆனால் அந்தத் தேதி வரை விலை அசையாது என்று பள்ளியும் நம்பி இருந்துவிடக் கூடாது. தேதியைக் குறிப்பிட்டிருந்தாலும், பள்ளி ஏற்புக் கடிதத்தை அனுப்புவதற்கு முன்பு அச்சகம் தன் முன்மொழிவைத் திரும்பப் பெறலாம் என்பதே பொது விதி. தாள் விலை ஏறும் என்ற பேச்சு அடிபடும் வாரத்தில் விலையைப் பிடித்து நிறுத்த விரும்பும் பள்ளி, கொட்டேஷனின் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, அதில் கண்ட எல்லா நிபந்தனைகளையும் ஏற்பதாக ஒரே வாக்கியத்தில் எழுதி, கையெழுத்திட்ட மாதிரி நோட்டோடு அன்றைக்கே அனுப்பிவிட வேண்டும்.